ஆகஸ்ட் மாதத்து ஃபாலோ-அப்பும் திரும்பி வந்த மெயில்களும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஐரோப்பிய பையர்களுக்கு மெயில் அனுப்புவது என் வேலை. முதல் மெயிலுக்குப் பிறகு சில நாள் இடைவெளியில் ஃபாலோ-அப் தானாகவே போகும். பதில் வந்தால் நின்றுவிடும். ஆகஸ்டில் அங்கே பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். "விடுப்பில் இருக்கிறேன்" என்ற தானியங்கிப் பதிலையும் எங்கள் மென்பொருள் பதிலாகவே எடுத்துக்கொண்டு, அந்த பையருக்கு அடுத்த மெயிலை நிறுத்திவிட்டது. நல்ல பையர்கள் பலர் இப்படித்தான் சத்தமில்லாமல் விடுபட்டார்கள்.

தலைப்பை வைத்துப் பிரிக்க முடியாது. ஜெர்மனியிலிருந்து Automatische Antwort என்று வரும், பிரான்சிலிருந்து Réponse automatique என்று வரும். மெயிலின் ஹெடரைத் திறந்தால் பெரும்பாலும் இந்த வரி இருக்கும்:

```
Auto-Submitted: auto-replied
```

இந்த வரி இருந்து, மதிப்பு `no` இல்லையென்றால் அது ஆள் எழுதியதல்ல. அதை வைத்து ஒரு விதி போட்டு, அந்தப் பதில்களைத் தனிப் பெட்டிக்கு அனுப்பினேன். சில சர்வர்கள் இந்த வரியைப் போடுவதில்லை. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொன்றிலும் திரும்பி வரும் தேதியைப் படித்து, அதற்கு மூன்று நாள் தள்ளி அடுத்த மெயிலை வைத்தேன். வந்த அன்றே அனுப்பினால் குவிந்து கிடக்கும் மெயிலில் நம்முடையது அமுங்கிவிடும். ஜெர்மன்காரர் 03.09 என்று எழுதினால் செப்டம்பர் 3. அமெரிக்க முறையில் மார்ச் 9 என்று படித்துவிடக் கூடாது. இன்னொன்று: அவுட்லுக் பொதுவாக ஒரே ஆளுக்கு விடுப்புப் பதிலை ஒருமுறைதான் அனுப்பும். இரண்டாவது மெயிலுக்கு அது வரவில்லை என்பதால் அவர் திரும்பிவிட்டார் என்று நினைக்க முடியாது.

"இவர் இப்போது இங்கே வேலை செய்யவில்லை" என்று வருவது விடுப்பே அல்ல. அந்த முகவரியை எடுத்துவிட்டேன். அதில் சொல்லியிருந்த புது ஆளை அப்படியே லிஸ்டில் சேர்க்காமல், யார் மூலம் பெயர் கிடைத்தது என்று சொல்லித் தனியாக எழுதினேன்.

போய்ச் சேராமல் திரும்பி வந்த மெயில்களில், அதாவது பவுன்ஸில், இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டியே இல்லை, உடனே நீக்கலாம். 5.2.2 என்றால் பெட்டி நிறைந்திருக்கிறது. விடுப்பு மாதத்தில் இது சகஜம், நிறுத்தி வைத்துப் பின்னர் ஒருமுறை முயன்றால் போதும். 4-இல் தொடங்குவது தற்காலிகத் தடை. சர்வரே மறுபடி முயலும்.

யோசிக்க வைத்தது 5.7.1. ஒரே ஜெர்மன் நிறுவனத்தின் நாலைந்து முகவரிகள் ஒரே நாளில் அப்படித் திரும்பின, முந்தைய வாரம் எங்களுக்குப் பதில் எழுதியவருடையதும் சேர்த்து. முகவரி செத்திருந்தால் இப்படி ஒன்றாகத் திரும்பாது; அவர்கள் சர்வர் எங்களைத்தான் தடுத்திருக்கிறது. நீக்காமல் நிறுத்தி வைத்து, எங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப் பதிவைப் பார்க்கச் சொன்னேன். புதிதாக வாங்கிய அனுப்பும் சேவை அதில் சேர்க்கப்படவே இல்லை. சேர்த்த பிறகு அதே முகவரிகளுக்கு மெயில் போய்ச் சேர்ந்தது.