கல்லச்சில் கல் செதுக்கப்படுவதில்லை

மட்டக்களப்பில் உயர்தரச் சித்திரப் பாடம் படித்த காலத்தில், மாதிரிப் பரீட்சை ஒன்றில், கல்லில் உருவத்தைச் செதுக்கி மை தடவி எடுப்பதே கல்லச்சு என்று எழுதி அந்த வினாவின் புள்ளிகளை இழந்தேன். தமிழ்ச் சொல்லே நம்மை அப்படி எண்ண வைக்கிறது. ஆகவே, அச்சு முறைகள் பற்றிய பகுதியைப் படிப்பவர்கள் அவற்றின் பெயர்களை மனனம் செய்யும் முன்பு, மை எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பழகுவது நல்லது.

மரச்செதுக்கில் வெட்டாமல் விட்ட மேட்டில் மை நிற்கும். அதனால் மரக்கட்டையை ஈய எழுத்துகளுடன் ஒரே சட்டத்தில் பூட்டி, எழுத்தையும் படத்தையும் ஒன்றாக அச்சிட முடிந்தது. எட்சிங்கில், மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அந்தக் கீறலை அமிலத்தால் அரிக்க வைப்பார்கள். மை பள்ளத்தில் நிற்கும். ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டை மையிட்டுத் துடைத்து, ஈரத்தாளுடன் உருளைகளுக்கிடையே அழுத்த வேண்டியிருப்பதால், மெல்லிய கோடுகள் விரைவில் தேய்ந்துவிடும்.

கல்லச்சிலோ மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிய அலோய்ஸ் செனஃபெல்டர், 1798 அளவில் மியூனிக்கில் இம்முறையை உருவாக்கினார். எண்ணெய் பட்ட அம்மியில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். சுண்ணக்கல்லில் கொழுப்புள்ள கோலால் வரைந்து, சிறிதளவு அமிலம் கலந்த கருவேலம் பிசினைப் பூசுவார்கள். வரையாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும் தன்மை பெறும். பிறகு கல்லை நனைத்து எண்ணெய் மையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிட, வரைந்த கோடு மட்டும் அதை ஏற்கும். கல் காய்ந்தால் வெற்றிடத்திலும் மை படிந்து படம் அழுக்காகிவிடும்.

ஓவியரின் கைக்கோட்டைச் செதுக்குபவர் மீண்டும் வெட்டித் தர வேண்டியதில்லை என்பதும், ஒரே கல்லிலிருந்து ஏராளமான பிரதிகள் எடுக்கலாம் என்பதும் படம் பரவியதற்கான காரணங்கள். விடையில் இவற்றுக்கு உதாரணமாக நான் எழுதுவது ரவி வர்மாவை. 1894 இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து இலட்சுமியும் சரஸ்வதியும் அச்சாயினர். அரண்மனைச் சுவர்களுக்கென எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்ட தெய்வ உருவங்கள், இவ்வாறு சாதாரண வீடுகளின் சாமியறைக்கு வந்தன.

எங்கள் வீட்டு இலட்சுமி படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, ஒழுங்கான வரிசையில் நுண்புள்ளிகள் தெரிந்தன. அது ஓப்செட் அச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டாத அதே விதியை உலோகத் தகட்டில் பயன்படுத்துவது. பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளிகள் கையால் இடப்பட்டவை என்பதால் அளவு மாறி ஒழுங்கின்றிக் கிடக்கும். கல் சற்று விலகியிருந்தால், புடவையின் சிவப்பு ஓரக் கோட்டைத் தாண்டி வெளியே தெரியும்.