காப்பி வறுக்கும் உருளைக்கு ஸ்டேட் ஸ்பேஸ்: எந்த வடிவம் தோதானது?

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையைச் சேலத்து வீட்டில் வறுக்க ஒரு சின்ன எஃகு உருளை வைத்திருக்கிறேன். வறுக்கும்போது வெப்பநிலையைவிட அது ஏறும் வேகம்தான் முக்கியம். தெர்மோகப்புள் அளவையே வகையிட்டால் வரைகோடு தாறுமாறாகக் குதிக்கிறது. அதனால் மாதிரியிலிருந்தே வேகத்தை எடுக்க நினைத்தேன்.

வெறும் உருளையைச் சூடேற்றிப் பொருத்தியதில், எண்களைச் சற்று முழுமையாக்கிய பிறகு, கிடைத்தது இது:

```
y''' + 6y'' + 11y' + 6y = 3u' + 12u
```

நேரம் நிமிடத்தில், u ஹீட்டர் சதவீதம். y என்பது அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பது. ஆகவே குளிரான ஏற்காட்டுக்குக் கொண்டுபோனாலும் சமன்பாட்டை மாற்ற வேண்டியதில்லை. வோல்டேஜ் இறங்கினால் மட்டும் வலப்பக்கத்து 3-உம் 12-உம் சேர்ந்து குறையும்.

y, y', y'' மூன்றையும் நிலை மாறிகளாக வைப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அப்படி வைத்தால் கடைசி வரியில் u' நிற்கும். ரிலே ஆன் ஆகும் நொடியில் u' எல்லையில்லாத துள்ளல். அதைக் கணினியில் ஓட்ட முடியாது. u'-ஐ விழுங்கிக்கொள்ளும் வடிவம் வேண்டும்.

கன்ட்ரோலபிள் வடிவத்தில் u கடைசி வரியில் மட்டும் வரும், 3-உம் 12-உம் வெளியீட்டுக்குப் போய்விடும்: y = 12x1 + 3x2. பின்னூட்டம் வடிவமைக்கச் சுகம். ஆனால் தெர்மோகப்புள் காட்டும் எண் எந்த ஒரு மாறியிலும் நேராக இல்லை. என்னிடம் இருப்பதோ அந்த ஓர் அளவு மட்டும்தான். அதனால் அப்சர்வபிள் வடிவத்துக்கு வந்தேன்:

```
x1' = -6*x1 + x2
x2' = -11*x1 + x3 + 3*u
x3' = -6*x1 + 12*u
y = x1
```

முதல் வரியைத் திருப்பினால் ஏறும் வேகம் கையில்: y' = x2 − 6x1. வகையிடலே இல்லை. சரிபார்க்க ஒரு நிலைத்த புள்ளி போதும். u = 30 என்றால் y = 60-இல் நிற்க வேண்டும். அப்போது x2 = 360, x3 = 570; மூன்று வரிகளும் பூஜ்யமாகின்றன.

x2, x3 இரண்டையும் அளக்க முடியாது, மதிப்பிடத்தான் வேண்டும். அளந்த y-க்கும் x1-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணால் பெருக்கிச் சேர்க்கிறேன். பிழை (s+5)³ போல அடங்கட்டும் என்றால் குணகங்கள் 15, 75, 125. அவற்றிலிருந்து 6, 11, 6-ஐக் கழித்தால் அந்த எண்கள் 9, 64, 119. இந்த வடிவத்தின் லாபமே இந்தக் கழித்தல்தான்.

சைப்பை பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை:

```python
from scipy.signal import tf2ss
A, B, C, D = tf2ss([3, 12], [1, 6, 11, 6])
```

இது கன்ட்ரோலபிள் வடிவத்தைத் தரும், அதுவும் மாறிகளைத் தலைகீழ் வரிசையில்: C = [0, 3, 12]. ஐகன் மதிப்புகள் −1, −2, −3 என்று சரியாகவே வருவதால் வேறு வடிவம் என்பது அதில் தெரியாது. C-ஐப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னும் வேகமாக அடங்கட்டும் என்று (s+10)³ வைத்துப் பார்த்தேன். எண்கள் 24, 289, 994 ஆகின்றன. என் MAX6675 0.25 டிகிரிப் படிகளில்தான் அளவு தருகிறது. ஒரு படி மாறினாலே x2-இன் வேகத்தில் 72 கூடுகிறது. ஏறும் வேகக் கோடு மறுபடி நடுங்குகிறது. 5-க்கே திரும்பிவிட்டேன்.