ஆவணி பிறந்தால் தங்கம் ஏறுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கமாடிட்டி தரகு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் முந்திரி வியாபாரிகளும் அரிசி ஆலைக்காரர்களும் அதிகம். ஆடி கழியும் வாரத்தில் தங்கத்தைப் பற்றிய விசாரிப்புகள் கூடிவிடும். ஆடியில் நல்ல காரியம் இல்லை, ஆவணியில் முகூர்த்தம் தொடங்குகிறது, அடுத்து தீபாவளி வருகிறது, ஆகவே இப்போது வாங்கித் தீபாவளிக்கு முன் விற்றால் லாபம் என்பது பலருடைய கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

2025 ஆவணி பிறந்த வாரத்தில் பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர். செல்போனில் ஒரு சார்ட்டைத் திறந்து மேசையில் வைத்தார். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கம்பங்கள். ஒவ்வொரு மாதமும் தங்கம் சராசரியாக எத்தனை சதவீதம் ஏறியது என்பதைக் காட்டுபவை. ஆகஸ்ட் கம்பம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

"தம்பி, கோல்டு மினி ஒரு லாட் எடுக்கலாமா? தீபாவளிக்குக் கொடுத்துவிடலாம்" என்றார்.

கோல்டு மினி என்பது எம்.சி.எக்ஸ் சந்தையின் 100 கிராம் ஒப்பந்தம். விலையைப் பத்து கிராமுக்குச் சொல்வார்கள். ஆகவே விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் நம் கணக்கில் பத்து ரூபாய் நகரும். அந்த வாரம் பத்து கிராம் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது. அவர் கேட்டது பத்து லட்ச ரூபாய் தங்கத்தின் மீதான பந்தயம்.

அந்தக் கம்பங்களில் எனக்கு இரண்டு குறைகள் தெரிந்தன. முதலாவது, ரூபாயில் தங்கம் நீண்ட காலமாகவே ஏறி வருவது. ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறும் பொருளுக்கு, பண்டிகையே இல்லாவிட்டாலும் எந்த மாதக் கம்பமும் ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கும். எனவே ஆகஸ்ட் கம்பத்தை மற்ற மாதங்களின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, நம் பண்டிகைகள் ஆங்கில மாதத்துக்குள் அடங்குவதில்லை. தீபாவளி 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12. அட்சய திருதியை ஓர் ஆண்டு ஏப்ரலில் வருகிறது, மறு ஆண்டு மே மாதத்தில் வருகிறது. ஆங்கில மாதச் சராசரி இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலக்கிவிடுகிறது.

அதனால் சார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய கணக்கை அவர் சொன்னபடியே போட்டுப் பார்த்தோம். ஆவணி பிறக்கும்போது வாங்கித் தீபாவளியன்று விற்பது. உலகச் சந்தையின் டாலர் விலையில், ஒரு டிராய் அவுன்ஸுக்கு, முந்தைய ஐந்து ஆண்டுகளைப் பழைய பில்லின் பின்புறத்தில் எழுதினேன்.

2020இல் ஏறத்தாழ 1,985 டாலரிலிருந்து 1,890க்கு இறங்கியது; ஐந்து சதவீத நட்டம். 2021இல் இரு முனையிலும் 1,790 பக்கம், ஒன்றுமில்லை. 2022இல் 1,760லிருந்து 1,650. ஆறு சதவீத இறக்கம். 2023இல் 1,890லிருந்து 1,940. இரண்டரை சதவீத ஏற்றம். 2024இல் 2,505லிருந்து 2,745. ஒன்பதரை சதவீத ஏற்றம். ஐந்தையும் கூட்டி வகுத்தால் கால் சதவீதம்கூடத் தேறவில்லை.

ஏறிய ஆண்டுகளை விசாரித்தால் முகூர்த்தம் எங்கேயும் தென்படாது. 2023இல் அக்டோபர் முதல் வாரம் வரை தங்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது தாக்குதல் நடந்து போர் மூண்ட பிறகுதான் திரும்பியது. 2024இல் அமெரிக்க மத்திய வங்கி செப்டம்பர் 18 அன்று வட்டியை அரை சதவீதம் குறைத்தது. இந்த இரண்டு ஆண்டுகளிலும் நம் கடைவீதிகளில் தீபாவளிக் கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் விலை இறங்கிய 2022லும் அதே கூட்டம் இருந்ததே!

2022 சிக்கலான ஆண்டு. டாலரில் ஆறு சதவீதம் இறங்கிய தங்கம், ரூபாயில் அவ்வளவு இறங்கவில்லை. ஆகஸ்டில் 79 ரூபாய்க்குச் சற்று மேல் இருந்த டாலர், அக்டோபரில் 83ஐத் தொட்டது. ரூபாயின் வீழ்ச்சி தங்கத்தின் வீழ்ச்சியைப் பாதிக்கு மேல் மறைத்துவிட்டது. வீட்டில் விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரிந்திருக்காது. நடுவில் செப்டம்பரில் எம்.சி.எக்ஸ் விலை ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனபோது, ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. நட்டத்துக்கு ஈடாகக் கட்ட வேண்டிய பிணைப் பணம்தான் மார்ஜின். லாட்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் கூடுதல் மார்ஜின் கட்டச் சொல்லி நாங்களே போன் செய்தோம். சராசரிக் கம்பத்தில் அந்த போன் அழைப்பு வராது.

"ஐந்து ஆண்டு போதுமா தம்பி? இருபது ஆண்டு பாருங்கள்" என்றார். நல்ல கேள்வி. இரண்டு மாத இடைவெளியில் தங்கம் தன் போக்கிலேயே ஆறேழு சதவீதம் மேலோ கீழோ அசையும் பொருள். பண்டிகை ஒரு சதவீதம் தூக்கிவிடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஏழு சதவீத இரைச்சலுக்குள் அந்த ஒரு சதவீதத்தைப் பிரித்து அடையாளம் காண ஏறத்தாழ இருநூறு தீபாவளிகள் வேண்டும். அது சாதாரணப் புள்ளியியல் கணக்கு. டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அமெரிக்கா அறுத்தது 1971இல். அதற்குப் பிறகுதான் தங்கத்தின் விலை முழுமையாகச் சந்தையின் கைக்கு வந்தது. நம் நாட்டில் 1990 வரை தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. ஆக, இருப்பதே ஐம்பத்துச் சொச்சம் தீபாவளிகள்தான்.

முகூர்த்தத் தேவை பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தியா ஆண்டுக்கு எழுநூறு, எண்ணூறு டன் தங்கம் வாங்குகிறது. ஆனால் லண்டன் சந்தையில் ஒரே நாளில் கணக்குத் தீர்க்கப்படும் தங்கமே பல நூறு டன். மேலும் தீபாவளி எந்தத் தேதியில் வரும் என்பது ரகசியமல்ல. பஞ்சாங்கம் எல்லோர் கையிலும் இருக்கிறது. மொத்த வியாபாரிகளும் இறக்குமதி செய்யும் வங்கிகளும் வாரக்கணக்கில் முன்பே சரக்கைச் சேர்த்துவிடுவார்கள். நாம் ஆவணியில் வந்து நிற்கும்போது, ஏற வேண்டியது ஏதாவது இருந்தால் அது ஏற்கெனவே ஏறியிருக்கும்.

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டினார். முகூர்த்த நாளில் கடை நிறைந்திருக்கும், ஆனால் பில்களைப் புரட்டிப் பார்த்தால் பல குடும்பங்கள் பழைய நகையைப் போட்டுவிட்டுப் புது நகை எடுத்திருப்பார்கள். வித்தியாசத் தொகையும் செய்கூலியும்தான் கையிலிருந்து போகும். அந்த நகைக்காகப் புதிதாகத் தங்கம் அதிகம் இறங்குவதில்லை. கடை வாசல் கூட்டத்தை வைத்துத் தேவையை எடை போடுவது இதனால்தான் ஏமாற்றுகிறது. இன்னொன்று, திருமணத்துக்கு ஒதுக்கும் பணம் ரூபாயில் இருக்கிறது. விலை ஏறினால் எட்டுச் சவரன் ஆரம் ஆறு சவரனாகிவிடும். விலைதான் வாங்கும் எடையைத் தீர்மானிக்கிறது. நம் ஆட்கள் நினைப்பதற்கு நேர் எதிர்.

அதை 2024 ஆடியில் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்று ஆடி 7. ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. ஆடியில் நகை வாங்கமாட்டோம் என்று இருந்தவர்களே அந்த வாரம் கடைகளில் நின்றார்கள். பருவக் கணக்குப்படி வெறிச்சோட வேண்டிய மாதம் அது.

இவ்வளவும் சொன்ன பிறகு முந்திரி வியாபாரி லாட் எடுக்கவில்லை. அந்த ஆண்டு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆவணியில் 3,330 டாலர் சொச்சமாக இருந்த தங்கம், தீபாவளியான அக்டோபர் 20 அன்று 4,350ஐத் தாண்டி நின்றது. முப்பது சதவீதம்! தீபாவளி முடிந்து சில நாளில் அவர் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தம்பி, உங்கள் பென்சில் எனக்கு மூன்று லட்சம் செலவு வைத்துவிட்டது."

இந்த ஏச்சு எனக்கு உறைக்கவில்லை என்று சொல்லமுடியாது. ஆனாலும் அதே பில்லை எடுத்து ஆறாவது வரியைச் சேர்த்தேன். கால் சதவீதம்கூட இல்லாத சராசரி, ஒரே ஆண்டில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு யாராவது சார்ட் போட்டால் இந்தக் கம்பம் இன்னும் உயரமாகத் தெரியும். பார்ப்பவர்கள் பண்டிகையின் மகிமை என்பார்கள். ஆறையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இரண்டு ஆண்டுகளின் சராசரியைப் பார்த்தால் அப்போதும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஓர் ஆண்டை நீக்கினால் காணாமல் போகும் போக்கை நான் போக்கு என்று எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அந்த முப்பது சதவீதத்தை யார் தூக்கினார்கள் என்பதும் தெரிந்ததே. மத்திய வங்கிகள் வாங்கின, பங்குபோல வாங்கி விற்கும் தங்க நிதிகளான இ.டி.எஃப்களில் பணம் கொட்டியது, அமெரிக்காவில் வட்டி குறைந்தது. அதே ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் இந்தியாவின் நகைத் தேவை எடையில் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. விலை எகிறியதால் நம் மக்கள் வாங்குவதைக் குறைத்திருந்தார்கள்.

"சரி, தீபாவளிக்கு மறுநாள் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்ததே, பண்டிகை முடிந்ததால்தானே?" என்றார் விடாமல். உச்சத்தில் லாபத்தை எடுத்துக்கொண்டவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள். அவர்கள் நமக்காக எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விற்கவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வந்தது. தை மாதம் மகளுக்குத் திருமணம், முப்பது சவரன் எடுக்க வேண்டும். இதை ஆவணியிலேயே சொல்லியிருந்தால் பேச்சே வேறு. 240 கிராம் கட்டாயம் வாங்கப்போகிறவர் விலை ஏறும் என்று ஊகிக்கத் தேவையில்லை. ஏறினால் என்ன ஆகும் என்ற பயத்துக்குக் காப்புத் தேடினால் போதும். அதற்கு எந்த மாதக் கம்பமும் வேண்டாம். கையில் பணம் வரும்போதெல்லாம் ஒரு பகுதியை நாணயமாகவோ நகையாகவோ எடுத்துவைத்தால், முப்பது சவரனும் ஒரே நாள் விலையில் மாட்டாது.

பருவம் உண்மையிலேயே பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அது சார்ட்டில் வராது. ஆடியில் கடைகள் செய்கூலியிலும் சேதாரத்திலும் தள்ளுபடி தருகின்றன. தங்கத்தின் அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான், பேரம் அந்தச் சதவீதத்தில்தான். சேதாரம் 14 சதவீதம் போடும் ஆரத்துக்கு 10 கேட்டு வாங்கினால் நான்கு சதவீதம் அன்றே கையில் நிற்கிறது. அதற்கு மார்ஜின் கட்ட வேண்டாம். மூன்று தவணையாக எடுப்பதாகச் சொல்லி எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி, இரண்டாவது மகளுக்கான நகையை அடுத்த ஆடியிலேயே பேசிவிடலாமா என்று கேட்டார். சேதாரத்துக்காக என்றால் தாராளமாகப் பேசுங்கள் ஐயா என்றேன்.