லைக் போட்டவர்களை வாட்ஸ்அப்புக்கு வரவழைத்தது எப்படி

சிறிய சமையலறைகளுக்குத் திட்டம் போட்டுத் தருவது என் வேலை. இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் லைக் குவியும். வேலை கேட்டு வருபவர் அபூர்வம். பின்தொடர்பவர்களை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவர நினைத்தபோது, எதைக் கொடுத்து அழைப்பது என்பதுதான் முதல் கேள்வி. அழகான சமையலறைப் படத் தொகுப்பு கொடுத்தால் எல்லோரும் வருவார்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் உட்பட. அதனால் ஒரே பக்கத்தில் அளவெடுக்கும் தாள் தயாரித்தேன்: சுவரின் நீளம், ஜன்னலின் உயரம், தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம். வேலை செய்யும் எண்ணம் இல்லாதவருக்கு இது எதற்கு?

பயோவிலும் ஸ்டோரியிலும் வைத்த இணைப்பு இப்படி இருக்கும்:

```
https://wa.me/1XXXXXXXXXX?text=SHEET%20STORY
```

எண்ணில் நாட்டுக் குறியீடு வேண்டும். முன்னால் + குறியோ பூஜ்யமோ கூடாது. பயோவுக்கு STORY என்ற இடத்தில் BIO. தட்டியதும் அந்தச் சொற்கள் தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். யார் எங்கிருந்து வந்தார் என்பதும் எனக்குத் தெரிந்துவிடும்.

குழு தொடங்கவில்லை. ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும் என்பது வாடிக்கையாளருக்குச் சங்கடம். அதற்குப் பதிலாக, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை எடுத்துக்கொண்டேன். அதில் பதில் எனக்கு மட்டும் தனியாக வரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. என் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்குப் பிராட்காஸ்ட் போய்ச் சேராது, எந்த எச்சரிக்கையும் வராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்து பார்த்தால், பட்டியலில் பலர் இருக்க, சேர்ந்தவர்கள் வரிசையில் ஒரு பகுதியினரே இருந்தார்கள். அதன்பின் தாளுடன் என் தொடர்பு அட்டையையும் அனுப்பத் தொடங்கினேன். "இதைச் சேமித்தால் அலமாரி அளவுகள் பற்றிய குறிப்புகள் வரும், வேண்டாமென்றால் சொல்லுங்கள், நீக்கிவிடுகிறேன்" என்று ஒரு வரி. கேட்காமல் யாரையும் சேர்ப்பதில்லை. எரிச்சலில் நாலு பேர் புகார் செய்தால் எண்ணே முடங்கலாம்.

அப்புறம் குறிப்புகள். "கதவு திறந்தால் எதில் இடிக்கிறது?" என்று பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வியோடு முடிப்பேன். ஒருவர் "ஃபிரிட்ஜில்" என்று மட்டும் எழுதினார். ஒரு போட்டோ கேட்டேன், அனுப்பினார். அதைப் பார்த்து, ஃபிரிட்ஜை எதிர்ச் சுவருக்கு மாற்ற இடம் இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் நிரப்பிய தாளே வந்தது, கூடவே "எப்போது தொடங்கலாம்?" என்ற கேள்வியும்.

நிரப்பிய தாள் வந்தால் அவர் பெயரில் 'அளவு வந்தது' என்று லேபிள் போடுவேன். அவர்களோடுதான் போனில் பேசுகிறேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பவர்களிடம் மின்னஞ்சல் முகவரி வாங்கிக்கொள்கிறேன். அங்கே எண்ணைச் சேமிக்க வேண்டிய தொல்லை இல்லை, ஆனால் பதில் வருவது மெதுவாகத்தான்.