சித்திரை வெயில்ல பெட்டைக் கோழி வளர்த்த கதை: எடை, தீவனம், லைட்

பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்தி 60 பிரவுன் லேயர் குஞ்சு இறக்குனேன், காரைக்குடிக்கு வெளிய எங்க பழைய வீட்டுப் பின்கட்டுக்குப் பின்னாடி ஒரு ஓட்டுக் கொட்டகை, கிழக்கும் மேற்கும் கம்பி வலை. இப்ப மூணைத் தவிர எல்லாம் முட்டைக்கு வந்தாச்சு. நடுவுல என்னென்ன செஞ்சேன், எதைப் பார்த்து எதை மாத்துனேன்னு நோட்டுல எழுதி வச்சதை இங்க போடுறேன், தை மாசம் குஞ்சு இறக்குற ஆளுங்களுக்கு ரொம்ப உபயோகப்படும்னு நினைக்கிறேன்.

ஏன் தை மாசம்னு தனியா சொல்றேன்னா, தையில இறக்குன குஞ்சு வளர வளர பகலும் நீண்டுக்கிட்டே போகும். நம்ம ஊர்ல ஜனவரியில பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம், ஜூன்ல 12 மணி 40 நிமிஷம் கிட்ட வரும், வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஆனா கோழிக்கு முக்கியம் வெளிச்சம் எவ்வளவு நேரம்ங்கிறது மட்டும் இல்ல, அது கூடுதா குறையுதாங்கிறதுதான். வளர்ற வயசுல பகல் கூடிக்கிட்டே போனா உடம்பு ரெடியாகுறதுக்கு முன்னாடியே சினைப்பை வேலை ஆரம்பிச்சிடும், சின்னக் கோழி சின்ன முட்டை போடும், முட்டை போடுறப்ப பின்பக்கம் பிதுங்கும், மத்த கோழி அதைக் கொத்தும், அங்கேயே அந்தக் கோழி போச்சு.

இதுக்கு திறந்த கொட்டகையில ஒரு வழிதான் உண்டு. 17 வாரம் வரைக்கும் வரப்போற நாள்ல எது நீளமான பகலோ அதை முதல்லயே கொடுத்துடுறது. முதல் வாரம் 22 மணி நேரம் லைட், அப்புறம் வாராவாரம் ஒண்ணேகால் மணி நேரம்போல குறைச்சு 8வது வாரத்துல 13 மணி நேரத்துல நிறுத்திட்டேன், காலைல 5.45 டூ சாயங்காலம் 6.45, டைமர் போட்டு. அதுக்கப்புறம் மே மாசம் வரைக்கும் வெளிய பகல் எவ்வளவு நீண்டாலும் கொட்டகைக்குள்ள அது ஏறக்குறைய அதே 13தான், கோழிக்கு பகல் கூடுன மாதிரியே தெரியாது.

ஒரு தொந்தரவு வந்துச்சு. முத்துமாரியம்மன் மாசிப் பங்குனி திருவிழாவுக்கு எங்க தெருவுல டியூப் லைட்டும் சீரியல் செட்டும் கட்டிட்டாங்க, மேற்குப் பக்க வலை வழியா வெளிச்சம் நேரா கொட்டகைக்குள்ள விழுது, ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார்த்தா நாலஞ்சு கோழி எந்திரிச்சு தீவனம் கொத்திக்கிட்டு இருக்கு. மறுநாளே மேற்குப் பக்கம் பூரா படுதா இறக்கிட்டேன், கீழ ஒரு முழம் மட்டும் காத்துக்கு விட்டு. படுதா போட்ட பிறகு உள்ள நின்னு பேப்பர்ல பெரிய எழுத்து தெரியுதான்னு பார்த்தேன், தெரியல, அது போதும். திருவிழா முடிஞ்சு செட்டைக் கழட்டுற வரைக்கும் தினமும் ஆறே முக்காலுக்கு படுதாவை இறக்குவேன், விடிஞ்சதும் தூக்கிடுவேன்.

இப்ப எடைக்கு வர்றேன், இதுதான் மெயின் விஷயம். எல்லாரும் தீவனத்தை வயசைப் பார்த்து மாத்துறாங்க, 6 வாரம் ஆச்சா, குஞ்சுக்கான சிக் மேஷை நிறுத்து, வளர்ற கோழிக்கான குரோயர் போடுன்னு. குரோயர்ல புரதம் கம்மி, சிக் மேஷ்ல 20 சதவீதம் கிட்ட இருந்தா குரோயர்ல 16 சொச்சம்தான். எடை வராத குஞ்சுக்கு அதைப் போட்டா எலும்புக்கூடு வளர வேண்டிய நேரத்துல தீனியைக் குறைச்ச மாதிரி ஆயிடும். கோழியோட எலும்புக்கூடு 12 வாரத்துக்குள்ள முக்கால்வாசிக்கு மேல முடிஞ்சிடும், அதுக்கப்புறம் அள்ளிக் கொட்டுனாலும் கொழுப்பா ஏறுமே தவிர கூடு பெருசாகாது. அதனால முதல் 8 வாரத்து எடைதான் எனக்கு கணக்கு.

பிரவுன் ரகத்துக்கு நான் வச்சிருந்த இலக்கு தோராயமா 6 வாரம் 460 கிராம், 8 வாரம் 660, 12 வாரம் 1050, 17 வாரம் 1420. வெள்ளை லேயர் வச்சிருக்கிறவங்க இதை எடுக்காதீங்க, அது சின்ன உடம்பு, 17 வாரத்துல 1200 கிராம் கிட்டதான் நிக்கும்.

6வது வாரம் நிறுத்தா சராசரி 405. தை மாசிப் பனியில ராத்திரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் படுத்துதுங்க, தடுப்பூசி போட்ட ரெண்டு மூணு நாளும் தீனி குறைஞ்சுச்சு, அதோட வினை. சிக் மேஷை மாத்தவே இல்ல. 8வது வாரம் விடியக்காலையில தீனி வைக்கிறதுக்கு முன்னாடி, தீனிப்பை காலியா இருக்கிறப்ப, ஒவ்வொண்ணா பிடிச்சு நிறுத்தேன், மொத்தம் 58 இருந்துச்சு. சராசரி 600. சராசரிக்கு 10 சதவீதம் மேல கீழன்னு பார்த்தா 540லேர்ந்து 660, அதுக்குள்ள 39 கோழி, அதாவது 67 சதவீதம். இந்த யூனிஃபார்மிட்டி 80க்கு மேல இருக்கணும். சராசரியை மட்டும் பார்த்திருந்தா 60 கிராம்தானே குறையுதுன்னு விட்டிருப்போம், ஆனா உள்ள 14 கோழி 540க்கும் கீழ, அதுங்களோட சராசரி 520, மத்த 44ம் 625. ஒரே கொட்டகைக்குள்ள ரெண்டு வயசுக் கோழி இருக்கிற மாதிரிதான் அது.

அந்த 14ஐயும் வலை கட்டி தனி அறைக்குப் பிரிச்சேன். பெருசு இருக்கிற இடத்துல சின்னது ஃபீடர் கிட்ட நிக்கவே பயப்படும், பெருசு தின்னு முடிச்சு நகர்ந்த பிறகு போனா அங்க தூள்தான் மிச்சம் இருக்கும். மேஷ் தீவனத்துல இதைக் கவனிக்கணும். ஃபீடர்ல கை விட்டு அடியில இருக்கிறதை அள்ளிப் பாருங்க, மேல மக்காச்சோள குருணை, அடியில மாவு மாதிரி மஞ்சளா ஒரு பொடி. விட்டமினும் அமினோ அமிலமும் அந்தப் பொடியிலதான் இருக்கு. கோழி குருணையைப் பொறுக்கிட்டு பொடியை விட்டுடும், நாம மேல மேல புதுசா கொட்டுனா அது கடைசி வரைக்கும் பொடியைத் தொடாது. அதனால மதியம் ஒரு தடவை ஃபீடர் சுத்தமா காலியாகுற வரைக்கும் விட்டு, அப்புறம்தான் அடுத்தது வச்சேன்.

பெருசு 44க்கும் குரோயருக்கு மாத்துனேன், நாலஞ்சு நாள் கலந்து கலந்து, முதல்ல கால் பங்கு, அப்புறம் பாதின்னு. 14க்கும் இன்னும் ரெண்டு வாரம் சிக் மேஷ் ஓடுச்சு.

பங்குனி பொறந்து வெயில் ஏறவும் அடுத்த சிக்கல். 12வது வாரம் நிறுத்தா பெருசு 1010, சின்னது 930, இலக்குல இருந்து பெருசும் பின்னாடிதான். தீனியை எடை போட்டு வச்சுப் பார்த்தா ஒரு கோழிக்கு 65 கிராம் போக வேண்டிய இடத்துல 55தான் போகுது. மதியம் ரெண்டு மணிக்கு நிப்பிள் பைப்பைத் திறந்து கையில விட்டா தண்ணி சுடுது. சுடுதண்ணியைக் கோழி குடிக்காது, தண்ணி இறங்கலேன்னா தீனியும் இறங்காது. டேங்குக்கு மேல கீத்துக் கொட்டகை போட்டேன், பைப்புக்கு சணல் சாக்கு சுத்தி நனைச்சு விட்டேன், பதினொரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் பைப்புல நிக்கிற தண்ணியைத் திறந்து விட்டு புதுத் தண்ணி ஏத்துனேன். தீனி காலைல லைட் எரியுறப்பவே ரெடியா இருக்கும், பெரும் பங்கு சாயங்காலம் நாலரைக்கு மேல. மதியத்துல தள்ளுறதுல பிரயோஜனம் இல்ல, வெயில்ல தின்னா செரிக்கிற சூடும் சேர்ந்து மூச்சு இரைக்கும். இதுக்கப்புறம் வாரத்துக்கு 75 கிராம் ஏற ஆரம்பிச்சுச்சு.

17வது வாரம் கத்திரி வெயில் நடுவுல வந்துச்சு. சராசரி 1362, யூனிஃபார்மிட்டி 58ல 49, அதாவது 84 சதவீதம். யூனிஃபார்மிட்டி நல்லா வந்திருச்சு, எடை 60 கிராம் குறைவு. கொண்டை சில கோழிக்கு சிவக்க ஆரம்பிச்சிருந்துச்சு. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்துட்டு, "ஏந்தம்பி, கொண்டை சிவந்திருச்சே, அந்த லைட்டைக் கூட்டி விடேன், முட்டை வந்திரும்ல"ன்னாங்க. "வரும் ஆச்சி, ஆனா இப்பக் கூட்டுனா புறா முட்டைதான் வரும், இன்னும் ஒரு வாரம் பொறுங்க"ன்னேன். வயசு வந்தாலும் எடை வர்ற வரைக்கும் லைட்டைத் தொடக்கூடாது, இதுல நான் பிடிவாதமா இருப்பேன். ஒரு வாரம் முட்டை லேட்டானா நஷ்டம் ஒரு வாரத் தீனி. எடை இல்லாம தூண்டுனா வருஷம் பூரா முட்டை சின்னது.

ஆனா அந்த வாரமே தீவனத்தை பிரீ லேக்கு மாத்திட்டேன், கொண்டை சிவக்குதுன்னா முட்டைக்கு இன்னும் ரெண்டு மூணு வாரம்தான்னு அர்த்தம். முட்டை போடுறதுக்கு முன்னாடி ஏறக்குறைய ரெண்டு வாரம் கோழி தன் கால் எலும்புக்குள்ள சுண்ணாம்பைச் சேமிக்கும், ஓடு கட்டுறப்ப அங்கேர்ந்துதான் எடுக்கும். குரோயர்ல கால்சியம் 1 சதவீதம்தான், சேமிக்கப் பத்தாது. லேயர் தீவனத்துல 4 சதவீதம் கிட்ட, அதை ரொம்ப முன்னாடியே போட்டா சிறுநீரகம் தாங்காம உப்பு கட்டும், தீனியும் ருசிக்காம குறையும். நடுவுல 2, 2.5 சதவீதத்துல இருக்கிறதுதான் பிரீ லே. எங்க பக்கம் பிரீ லே மூட்டையா கிடைக்கலேன்னா குரோயரையும் லேயரையும் பாதிப் பாதி கலந்தா கணக்கு கிட்டத்தட்ட வந்திடும், நான் அதுதான் செஞ்சேன். தொண்டிப் பக்கத்து கிளிஞ்சல் வாங்கி வச்சிருந்தேன், அதை முதல் முட்டை விழுந்த பிறகுதான் தனித் தட்டுல சாயங்காலம் வச்சேன்.

18வது வாரம் நிறுத்தா பெருசு 1460, சின்னது 1375, மொத்தச் சராசரி 1440. அன்னைக்கு சாயங்காலமே டைமரை மாத்துனேன், 13லேர்ந்து ஒரே தாவா 14, கூட்டுன ஒரு மணி நேரத்தையும் காலைல வச்சேன், 4.45க்கு லைட். கத்திரியில இது ரொம்ப நல்லது, குளுகுளுன்னு இருக்கிற நேரத்துல தின்னுக்கும். பல்பு மஞ்சள் வெளிச்ச எல்இடி 9 வாட், ரெண்டு. அப்புறம் வாரம் அரை மணி நேரமா கூட்டி 16 மணி நேரத்துல நிறுத்தம், காலை 4 டூ ராத்திரி 8. கரண்ட் போனா கெடும்னு அந்த ரெண்டு பல்பையும் வீட்டு இன்வெர்ட்டர்ல மாத்திட்டேன், முட்டை போடுற கோழிக்கு வெளிச்சம் ஒரு நாளும் குறையக்கூடாது.

ஒரு குறை இருக்கு, அது தீரலை. சின்ன 14க்கும் இன்னும் ஒரு வாரம் கழிச்சு லைட் கொடுத்திருந்தா நல்லா இருக்கும், ஒரே கொட்டகைங்கிறதால முடியாது, வலை வெளிச்சத்தைத் தடுக்காதுல்ல. சராசரி வந்தாச்சுன்னு பெருசுகளுக்காகத்தான் கொடுத்தேன்.

கையில பிடிச்சுப் பார்த்தும் தெரிஞ்சுக்கலாம். பின்பக்கம் இடுப்பெலும்பு ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போனா முட்டை கிட்ட வந்திருச்சு, ஒரு விரல்தான்னா இன்னும் இருக்கு. நாம கிட்ட போனா ஓடாம றெக்கையை விரிச்சு குத்த வச்சு உக்காந்தாலும் அதே அர்த்தம். 20வது வாரம் முதல் முட்டை, 46 கிராம். தினம் மூணு முட்டை தொடர்ந்து வரவும் முழு லேயர் தீவனத்துக்கு மாத்திட்டேன். 22வது வாரம் பாதிக்கு மேல முட்டைக்கு வந்திருச்சு, பின்பக்கம் பிதுங்குன கேஸ் ஒண்ணு, அது சின்ன அறைக் கோழி.

இப்பவும் எடை போடுறதை நிறுத்தலை. முட்டை ஏறுறப்பதான் தீனி பத்தாம எடை நின்னு போகும், எடை நின்னா ரெண்டு வாரத்துல முட்டையும் நிக்கும், அதனால 30 வாரம் வரைக்கும் வாரம் பத்துப் பன்னெண்டு கோழியாவது எடை போட்டுடுறேன். சின்ன அறையில மூணு இன்னும் கொண்டை வெளுப்பாத்தான் இருக்கு, அதுங்களை வாரம் தவறாம பார்க்கிறேன், போன வாரம் மூணுமே 1500 தாண்டியாச்சு.