லாரி ஆபீஸ் நீட்டிய பதினைந்தாயிரம்

குமுளியில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மழை விடுவது தெரியாது, பிடிப்பதும் தெரியாது. அப்படி ஒரு ஜூன் 12ஆம் தேதி கான்பூருக்குப் பன்னிரண்டு மூட்டை ஏலக்காய் புக் பண்ணினேன். மூட்டைக்கு ஐம்பது கிலோ, மொத்தம் 600 கிலோ. கிலோ 2,000 ரூபாய் வீதம் பில் தொகை 12 லட்சம், லாரி வாடகை 9,000. சரக்கு அவர் கிட்டங்கியில் இறங்கும் வரை பொறுப்பு என்னுடையது என்பதுதான் கான்பூர் வியாபாரியோடு எனக்குப் பேச்சு.

வண்டி மலையிறங்கி லோயர் கேம்ப் போவதற்குள்ளேயே நனைந்திருக்க வேண்டும். தார்ப்பாயில் கிழிசல் இருந்திருக்கிறது. ஈரத்தோடு ஒரு வாரம் உள்ளேயே புழுங்கி, 19ஆம் தேதி இறக்கும்போது ஐந்து மூட்டை கனத்து, வாடை அடித்தது. ஏலக்காய்க்கு நிறம்தான் விலை. பச்சை போய் வெளுத்துவிட்டால் அதை நல்ல காயோடு சேர்க்க முடியாது, பூஞ்சை பிடித்தால் பேச்சே இல்லை.

கான்பூர்க்காரர் போனில் சொன்னதும் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், "ஜி, சீட்டுல சும்மா கையெழுத்துப் போட்டுடாதீங்க, அஞ்சு மூட்டை நனைஞ்சிருக்குன்னு எழுதிப் போடுங்க" என்றதுதான். அது அறிவால் வந்ததல்ல. முன்பு ஒருமுறை இரண்டு மூட்டை குறைந்தபோது, 'சரக்கு சரியாக வந்தது' என்று கையெழுத்தாகிவிட்டதால் ஒரு பைசா வாங்க முடியாமல் போன சூடு. டெலிவரி நேரத்திலேயே எழுதிய அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு வேலை செய்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

என்னிடம் டிரான்சிட் பாலிசி இருந்தது. மலைப்பாதையில் போகும் சரக்குக்கும் 'மரைன்' பாலிசி என்றுதான் பெயர். இந்த ஊரில் கடலைப் பார்க்க எத்தனை மணி நேரம் போக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நல்ல வேளை, என்னுடையது 'ஏ' வகை நிபந்தனை. 'பி' வகையாக இருந்தால் தீ, வண்டி கவிழ்வது, மோதுவது, பாலம் இடிவது என்று பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் பணம். தார்ப்பாய் கிழிந்து மழை இறங்கியது அதில் வராது.

இன்சூரன்ஸ் ஏஜெண்டு சேட்டனுக்குச் சொன்னேன். கம்பெனி கான்பூரிலேயே சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை அனுப்பியது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நான் கோட்டை விட இருந்தது உள்ளூரில்.

லாரி ஆபீஸ்காரர் எனக்குப் பதினொரு வருடப் பழக்கம். கம்பத்துக்காரர், வீட்டு விசேஷங்களுக்கு வந்து போகிறவர். விஷயம் தெரிந்ததும் அவரே கடைக்கு வந்தார். "அண்ணே, என் பக்கம் தப்பு நடந்துபோச்சு. இந்த லோடுக்கு வாடகை வேணாம். மேல ஒரு ஆறாயிரம் தர்றேன். ஒரு சீட்டுல மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்றார். 9,000 வாடகை, ரொக்கம் 6,000, ஆகப் பதினைந்தாயிரம். சீட்டில் இரண்டே வரி: இந்த புக்கிங் சம்பந்தமாக எங்களுக்குள் கணக்கு முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.

என் மனக்கணக்கு சுத்தமாக இருந்தது. நஷ்டத்தை இன்சூரன்ஸ் தரும், இவர் தருவது அதற்கு மேல் லாபம். பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். எழுதும் முன் சேட்டனுக்கு ஒரு போன் போட்டது என் நல்ல நேரம்.

"ஐயோ, ஒப்பிடண்டா!" என்று மலையாளத்தில் கத்தினார். பத்து நிமிடத்தில் கடைக்கே வந்துவிட்டார். வந்து பாலிசியைப் பிரித்து, நான் ஒருநாளும் படிக்காத ஒரு நிபந்தனையைக் காட்டினார். சரக்கை ஏற்றிச் சென்றவர் மீது எனக்கு இருக்கும் உரிமைகளைக் கெடாமல் காப்பது என் கடமை என்று அதில் இருந்தது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சரக்கை நனையவிட்டதற்கு லாரிக்காரர் எனக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனைக் கேட்கும் உரிமை என்னிடம் இருக்கிறது. கம்பெனி எனக்கு நஷ்டத்தைக் கொடுத்த பிறகு, அதே நஷ்டத்துக்கு நான் லாரிக்காரரிடமும் வாங்கினால் ஒரு இழப்புக்கு இரண்டு காசு. இன்சூரன்ஸ் என்பது இழந்ததை ஈடுகட்டத்தானே தவிர, அதில் லாபம் பார்க்க முடியாது. சரி, நான் வாங்கக் கூடாது என்றால் லாரிக்காரரைச் சும்மா விட்டுவிடலாமா? விட்டால், நான் கட்டிய பிரீமியம் அவருடைய தவறுக்குக் குடை பிடித்தது போல ஆகிவிடும். ஆகவே கம்பெனி எனக்குப் பணம் கொடுத்ததும், என் இடத்தில் வந்து நின்று, என் உரிமையைக் கொண்டு அவரிடம் கேட்கிறது. இதற்குப் பெயர் சப்ரொகேஷன். 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 79ஆவது பிரிவில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனிக்கென்று தனியாக ஒரு உரிமை பிறப்பதில்லை என்பது. என்னிடம் இருப்பதுதான் அவர்களுக்குப் போகிறது. 'கணக்கு முடிந்தது' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் என்னிடம் ஒன்றும் இருக்காது, அவர்களுக்குப் போகவும் ஒன்றும் இருக்காது. "அப்புறம் கம்பெனிக்காரன் உங்க கிளெயிம்ல கைவைப்பான்" என்றார் சேட்டன். பதினைந்தாயிரத்துக்கு ஆசைப்பட்டு லட்சங்களில் வெட்டு வாங்கியிருப்பேன்.

லாரிக்காரரின் முகம் சுருங்கியது. "அதான் இன்சூரன்ஸ் வருதுல்லண்ணே, அப்புறம் என்கிட்ட எதுக்கு?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருந்தும் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்து நோட்டீஸ். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, பிரிவு 16ன்படி சேதத்தைப் பற்றி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் லாரி நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியும். அதுவும் 180 நாளுக்குள். பலர் தவறுவது அந்த நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில். சரக்கு போய்ச் சேர்ந்த நாள் கணக்கில்லை, சேதம் தெரிந்த நாளும் இல்லை. புக்கிங் தேதியிலிருந்து எண்ண வேண்டும். எனக்கு டிசம்பர் 9. கிளெயிம் பேப்பர் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே அந்த நாள் கடந்துவிட வாய்ப்பு உண்டு. கம்பெனி பணம் கொடுத்த பிறகுதான் அவர்கள் என் இடத்துக்கு வருகிறார்கள், அதனால் அதுவரை இதைச் செய்ய வேண்டியவன் நான்தான். ஜூன் 25ஆம் தேதியே பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பிவிட்டேன். எல்.ஆர். என்கிற லாரி ரசீதின் எண், தேதி, எத்தனை மூட்டை, என்ன சேதம், எவ்வளவு கேட்கிறேன் என்று ஒரே பக்கம். ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்ததும் அதன் நகலை சர்வேயருக்கும் அனுப்பினேன்.

இனி கணக்கு. ஐந்து மூட்டை, 250 கிலோ, நல்ல விலையில் 5 லட்சம். நனைந்த காயைக் கிலோ 800க்கு விற்கலாம், ஆக 2 லட்சம் தேறும் என்று சர்வேயர் மதிப்புப் போட்டார். கம்பெனி அதைக் கழித்து 3 லட்சம் கொடுத்தது. நடந்தது வேறு. எண்ணெய் எடுக்க வாங்குகிறவரிடம் 680க்கு மேல் போகவில்லை. எனக்கு வந்தது 1,70,000. உண்மையான நஷ்டம் 3,30,000. முப்பதாயிரம் என் தலையில்.

பணம் கொடுக்கும் முன் முத்திரைத்தாளில் ஒரு பத்திரம் நீட்டினார்கள். சப்ரொகேஷன் கடிதம். உள்ளே இருப்பதை யாரும் படிப்பதில்லை. நானும் சேட்டன் சொல்லியிராவிட்டால் படித்திருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தில் மூன்று விதம் உண்டு என்று 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு பிரித்துச் சொல்லியிருக்கிறது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கு என்பார்கள். அதுவும் லாரியில் போன நூல் சரக்கு விபத்தில் வீணான கதைதான். கடிதமே இல்லாமல் சட்டப்படி வருவது ஒன்று. அதில் லாரிக்காரரிடமிருந்து வசூலாவதில் முதலில் என் மீதி நஷ்டம் தீர வேண்டும், பிறகு கம்பெனி எடுக்கும். ஒப்பந்தமாக எழுதிக் கொடுப்பது இரண்டாவது. அங்கே கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வரிசை. மூன்றாவது, உரிமையையே மொத்தமாக மாற்றிக் கொடுத்துவிடுவது. அப்போது எவ்வளவு வசூலானாலும், கொடுத்ததற்கு மேலே வந்தாலும் கூட, கம்பெனிக்கே.

என் கடிதத்தில் கம்பெனி கொடுத்த தொகை முழுவதும் முதலில் அவர்களுக்கு, மிச்சம் இருந்தால் எனக்கு என்று இருந்தது. அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அச்சடித்த படிவம், மாற்ற அதிகாரம் இல்லை என்றார்கள். ஜூலை முடிய இருந்தது, விவசாயிக்குப் பணம் பாக்கி. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் மார்ச் மாதம் லாரிக்காரர் ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்தார். வக்கீல் நோட்டீஸ். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர். எனக்கே திக்கென்றது. கம்பெனி என் இடத்தில் நிற்பதால் என் பெயரில்தான் கேட்கும், தேவைப்பட்டால் என் பெயரில்தான் வழக்கும் போடும். அதற்கான அதிகாரத்தையும் அந்தக் கடிதத்திலேயே கொடுத்திருந்தேன். இதை முன்னாலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

கடைசியில் வழக்கு வரை போகவில்லை. அவருடைய வக்கீல் அதே 2007ஆம் வருடச் சட்டத்தின் 10ஆவது பிரிவைக் காட்டினார். புக் பண்ணும்போது கூடுதல் ரிஸ்க் ரேட் தர ஒப்புக்கொள்ளாவிட்டால் லாரி நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. விதிப்படி அது வாடகையைப் போலப் பத்து மடங்கு. என் வாடகை 9,000, ஆக 90,000. புக்கிங் சீட்டில் சரக்கு மதிப்புக்கு இருந்த கட்டத்தை நான் எப்போதும் போலக் காலியாக விட்டிருந்தேன். கம்பெனியும் 90,000க்கு ஒத்துக்கொண்டது. கடிதம் இல்லாமல் சட்டப்படி மட்டும் போயிருந்தால் அதில் முதல் முப்பதாயிரம் எனக்கு வந்து, கம்பெனிக்கு அறுபதாயிரம் போயிருக்கும். கடிதத்தின்படி மொத்தமும் அவர்களுக்கே போனது.

போன ஜூனில் மறுபடி அவரிடமே லோடு போட்டேன். மதிப்புக் கட்டத்தில் தொகையை எழுதினேன். "எழுதுறதுன்னா ரேட்டு கூடும்ணே" என்றார். கூட்டிக் கொடுத்தேன். வெளியே வண்டியில் பையன்கள் இரண்டாவது தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.