சி, ஆர், யூ

ஐந்தாம் மாதம் பாரிஸிலிருந்து பெரிய அத்தை வந்திருந்தார். என் மாமனாரின் அண்ணன் மனைவி. காரைக்காலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பிரான்சில் இருப்பார்கள். அவர்கள் வந்தால் பெட்டியில் சாக்லேட், சென்ட், கூடவே சீஸ். மயிலாடுதுறையில் வளர்ந்த எனக்கு அமுல் க்யூப் தவிர வேறு சீஸ் தெரியாது. அத்தை நீட்டிய வட்ட மரப்பெட்டியைத் திறந்தால் வெள்ளைத் தோல் போர்த்திய மெத்தை மாதிரி ஒன்று. மாட்டுத் தொழுவ வாசம். ஆனால் மசக்கை விட்டுப்போய் எதைப் பார்த்தாலும் பசித்த நாள்கள் அவை. ரொட்டியில் தடவி இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

மறுநாள் பாரிஸிலிருந்து என் ஓரகத்தி வீடியோவில் வந்தாள். அவளுக்கு மூன்று வயதில் பையன் இருக்கிறான். சீஸ் பேச்சு வந்ததும் அவள் முகம் மாறியது. "அக்கா, பெட்டிய திருப்பு. க்ரூன்னு இருக்கா பாரு. சி, ஆர், யூ." பெட்டியின் மேலேயே இருந்தது: கமெம்பேர் த நோர்மாந்தி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஓ லே க்ரூ. லே என்றால் பால், க்ரூ என்றால் பச்சை. காய்ச்சாத பால். அந்தப் பெயரில் வரும் சீஸைப் பச்சைப்பாலில்தான் செய்ய வேண்டும் என்பது அங்கே விதியாம். பிரான்சில் கர்ப்பம் உறுதியான முதல் நாளே மருத்துவச்சி சொல்லும் விஷயம் இது என்றாள். இங்கே எனக்கு எல்லோரும் சொன்னது பப்பாளியும் அன்னாசியும்தான்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. பச்சைப்பாலிலும் அதில் செய்த மெத்தென்ற சீஸிலும் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கலாம். எல்லாப் பெட்டியிலும் இருக்கும் என்று இல்லை. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு. தாய்க்கு வெறும் காய்ச்சல், உடம்புவலியோடு போய்விடலாம், ஆனால் குழந்தைக்கு ஆபத்து. கரு கலையவும் செய்யலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது இரத்தப் பரிசோதனையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்றார். "இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சலோ உடம்புவலியோ வந்தா வைரல்னு நெனச்சு வீட்ல படுத்துடாதீங்க. எந்த டாக்டர்ட்ட போனாலும் இந்தச் சீஸ் சாப்பிட்டேன்னு மொதல்ல சொல்லுங்க." அத்தனை நாள் கழித்தும் அது தலைகாட்டலாமாம். காலண்டரில் அறுபது நாளை எண்ணி ஒரு வட்டம் போட்டேன். அந்த வட்டம் வரும்வரை தூக்கம் கெடாமல் என்னைக் காப்பாற்றியது லேபிள் படிப்பதுதான்.

சீஸிலேயே தொடங்கினேன். ஃபிரிட்ஜில் வைத்தால் எதுவும் கெடாது என்று நினைத்திருந்தேன். இந்தக் கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும். அதைக் கொல்வது சூடுதான். பாலை 72 டிகிரியில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பதைத்தான் பாஸ்டுரைஸ் செய்வது என்கிறார்கள். நாம் பொங்கவிட்டுக் காய்ச்சும் பாலுக்கு அதைவிடக் கூடுதல் சூடு. அதனால் பால்காரர் ஊற்றும் பாலில் வீட்டில் தோய்த்த தயிரைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை.

ஐரோப்பாவில் காய்ச்சாத பாலில் செய்திருந்தால் அதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். அப்படியானால் க்ரூ இல்லாத பெட்டியெல்லாம் சரிதானே என்று ஓரகத்தியிடம் கேட்டேன். இல்லையாம். தெர்மிசே என்று ஒரு நடுவாந்திர வகை உண்டு. பாலை லேசாகச் சூடாக்கி நிறுத்திவிடுவார்கள், பாஸ்டுரைஸ் அளவுக்குப் போகாது. அதனால் க்ரூ இல்லையென்றால் போதாது, பாஸ்தொரிசே என்ற சொல் இருக்க வேண்டும். அந்தச் சொல் இருந்தாலும் வெள்ளைத் தோல் போர்த்திய வகையையும் நீலப் பூசணம் ஓடிய மெத்தென்ற வகையையும் அப்படியே தின்னக் கூடாது. ஈரம் அதிகம், புளிப்புக் குறைவு. செய்து முடித்த பிறகு கிருமி ஒட்டினாலும் வளர்ந்துவிடும். உள்வரை ஆவி பறக்கச் சூடாக்கினால் சாப்பிடலாம். நம் கடைகளில் கிடைக்கும் க்யூபும் ஸ்லைஸும் 'புராசஸ்டு சீஸ்'. சீஸை மறுபடி உருக்கிச் செய்வது என்பதால் அதில் இந்தப் பயம் கிடையாது. மீதி கமெம்பேரை வீட்டில் மற்றவர்கள் தீர்த்தார்கள். அதுவரை அதைத் தனி டப்பாவில் போட்டு மூடி, அதற்கென்று ஒரு கத்தியும் ஒதுக்கிவைத்தேன். அந்தக் கத்தியால் யாராவது வெள்ளரிக்காய் நறுக்கினால் அவ்வளவு பாடும் வீண்.

அடுத்தது மயோனைஸ். இதற்கு நம் ஊர் லேபிள் உண்மையிலேயே கைகொடுத்தது. இங்கே முட்டை சேர்ந்தால் அசைவம். ஆகவே பச்சை வட்டம் போட்ட மயோனைஸில் முட்டை இல்லை. பழுப்பு முக்கோணம் இருந்தால் மட்டும் பொருள்பட்டியலைப் படிக்க வேண்டும். முட்டை மஞ்சள் கருவோடு பாஸ்டுரைஸ்டு என்றும் இருந்தால் எடுக்கலாம். அந்தச் சொல் இல்லையா, திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவேன். (பச்சை வட்டம் சீஸுக்கு எதற்கும் உதவாது. காய்ச்சிய பாலோ காய்ச்சாத பாலோ, அது சைவம்தானே.)

சிக்கல் பாட்டிலில் இல்லை. கும்பகோணத்தில் வளைகாப்புப் புடவை எடுக்கப் போன அன்று ஷவர்மா கடையில் நின்றோம். சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெள்ளையாக ஒன்றை வைத்தார்கள். கிண்ணத்துக்கு ஏது லேபிள்? பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டிருந்தது. காரணம் முக்கியமாக சால்மொனெல்லா என்ற கிருமி. அதை நினைத்துக்கொண்டு கேட்டேன். "எக்லெஸ்தான்க்கா," என்றான் பையன். பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். என் கணவர் என்னைத் தெரியாதவர் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையன் உள்ளே போய்க் கொண்டுவந்தது மூடியில்லாத ஒரு பக்கெட். பக்கத்தில் மிக்சி, அதன் ஜாடி விளிம்பில் மஞ்சளாகக் காய்ந்த ஏதோ ஒன்று. அது முட்டையா கடுகா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மயோனைஸ் இல்லாமல் ரொட்டியும் நன்றாக வெந்த கோழியும் மட்டும் வாங்கிக்கொண்டேன். லேபிளைக் காட்ட முடியாத கடையில் வாய்வார்த்தையை நம்புவதில்லை என்று அன்று வைத்த வழக்கம்.

மீனில்தான் நான் முழுக்க ஏமாந்தேன், அதுவும் தலைகீழாக. அமெரிக்க அரசின் பட்டியலைப் படித்தேன்: பாதரசம் அதிகம், தவிர்க்கவும் என்று சுறா, வாள்மூக்கு மீன், மார்லின், பெருங்கண் டூனா, அவற்றோடு 'கிங் மேக்கரல்'. மேக்கரல் என்றால் கானாங்கெளுத்தி என்று யாரோ சொன்ன ஞாபகம். அவ்வளவுதான், ஒரு மாதம் வீட்டில் கானாங்கெளுத்தியே வாங்கவிடவில்லை. அதற்குப் பதிலாக வாரம் இரண்டு முறை வஞ்சிரம் வறுவல், "புள்ளத்தாச்சி நல்ல மீனா சாப்பிடட்டும்" என்று.

உண்மையைக் காட்டியது ஒரு பாக்கெட். சூப்பர்மார்க்கெட்டில் உறைய வைத்த 'சீர் ஃபிஷ் ஸ்டீக்', அதாவது வஞ்சிரத் துண்டு, எடுத்தேன். பின்பக்கம் அறிவியல் பெயர் இருந்தது: ஸ்காம்பெரோமோரஸ் கமர்சோன். வீட்டுக்கு வந்து அமெரிக்கப் பட்டியலின் கிங் மேக்கரலைத் தேடினால் ஸ்காம்பெரோமோரஸ் கவல்லா. முதல் பெயர் ஒன்றே. அட்லாண்டிக் கடலில் இருப்பது அது, நம் வங்கக் கடலில் இருப்பது இது. இரண்டும் பங்காளிகள், இரண்டுமே மற்ற மீன்களைத் தின்று பெரிதாகிறவை. நான் ஒதுக்கிய கானாங்கெளுத்தியோ ராஸ்ட்ரெலிஜர் என்ற வேறு இனம். மிதவையுயிர்களைத் தின்னும் சின்ன மீன். கர்ப்பிணிக்கு ஏற்றது.

பாதரசம் எவ்வளவு என்று எந்த மீன் பாக்கெட்டிலும் எண் போட்டிருக்காது. மீனின் பெயர்தான் அதன் லேபிள். சின்ன மீனில் இருக்கும் கொஞ்சம் பாதரசம் அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்கிறது, வயது கூடக் கூட இன்னும் சேர்கிறது. அது சதையோடு ஒட்டியிருப்பதால் மஞ்சள், உப்புப் போட்டு அலசினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சீஸுக்குச் சூடு காவல். மீனின் பாதரசத்துக்கு அடுப்பால் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு மாத வஞ்சிரத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். உடம்பிலிருக்கும் அளவு பாதியாக ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும், இனி நிறுத்திக்கொள்ளுங்கள், ஆனால் பயந்துபோய் மீனையே விட்டுவிடாதீர்கள் என்றார். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு மீன் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். துபாயிலிருந்து வந்த டூனா டின்னையும் அதே மாதிரி திருப்பினேன். 'ஸ்கிப்ஜாக்' என்றிருந்தது. டூனாவில் சின்ன வகை என்பதால் அதை வைத்துக்கொண்டேன்.

மீன்காரக்காவிடம் விவரம் சொன்னபோது அவர் சிரித்தார். "வஞ்சிரம் வேணாங்கிற மொத ஆளு நீதான் தாயி." அடுத்த நாளிலிருந்து நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி என்று கூடையைத் தேடித் தருவார். செலவு பாதியானதில் என் மாமியாருக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் மாமியாரிடம் ஒரு விஷயம் பாக்கியிருந்தது. எட்டாம் மாதமே நாகூரிலிருந்து ஒரு பொட்டலம் வரவழைத்து வைத்திருந்தார். பால்சுறாக் கருவாடு. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு போடாத வீடு இந்தக் கரையில் உண்டா? பாலூட்டும் தாய்க்கும் அதே பட்டியல்தான், அதில் சுறாவும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பால்சுறா சின்னச் சுறாதானே என்றும் மனசு வாதாடியது. ஆனால் பட்டியலில் சின்னச் சுறா, பெரிய சுறா என்று பிரித்திருக்கவில்லை. கடைசியில் மீன்காரக்காதான் வழிவிட்டார். "காரப்பொடி மீன வச்சிக் குடும்மா, அதுலயும் பால் ஊறும்," என்று திண்ணையில் உட்கார்ந்தே மாமியாரிடம் சொல்லிவிட்டார். நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

அறுபதாம் நாள் வட்டம் காய்ச்சலில்லாமல் கடந்தது. பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் காரப்பொடிக் குழம்பு வந்தது. கருவாட்டுப் பொட்டலம் இன்னும் பரணில் இருக்கிறது. போன வாரம் பெரிய அத்தை போனில், அடுத்த முறை வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டார். "பாஸ்தொரிசே போட்டது" என்றார் என் மாமியார், நான் வாயைத் திறப்பதற்குள்.